அடிப்படை 3,120லிருந்து 4,200. கைக்கு வருவது அறுபது வெள்ளிதான் கூடுதலா?

கவி_பந்திங் (செவ்வாய், இரவு 9.14)

எல்லாருக்கும் வணக்கம். பந்திங் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் லேப்பில் இருக்கிறேன். ஐந்து வருடம் முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. எண்ணெயில் எஃப்.எஃப்.ஏ. என்கிற தனிக் கொழுப்பு அமிலம், ஈரம், அழுக்கு பார்ப்பது, பிழிந்த நாரிலும் கழிவுநீரிலும் எவ்வளவு எண்ணெய் வீணாகப் போகிறது என்று கணக்கெடுப்பது, மாதிரி எடுக்கும் நான்கு பையன்களைப் பார்த்துக்கொள்வது, இதுதான் வேலை. பதவி லேப் சூப்பர்வைசர்.

போன வாரம் புலாவ் இண்டாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். குவாலிட்டி எக்ஸிகியூட்டிவ் பதவி. இன்று எச்.ஆரிலிருந்து அழைத்து 4,200 வெள்ளி தருவதாகச் சொன்னார்கள். "ஆல் இன்" என்றும் சொன்னார்கள். இப்போது என் அடிப்படைச் சம்பளம் 3,120. "முப்பத்தைந்து விழுக்காடு ஏற்றம், இதற்கு மேல் எங்களால் முடியாது" என்றார் அந்தப் பெண்மணி. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஓ.டி. உண்டு. பழம் குவியும் மாதங்களில் அறுபது மணி நேரம்கூடப் போகும், வருடத் தொடக்கத்தில் பதினைந்து இருபதுக்கு இறங்கிவிடும். சராசரி நாற்பது என்று வைத்தால் மாதம் 900 வெள்ளி. புது இடத்தில் எக்ஸிகியூட்டிவுக்கு ஓ.டி. கிடையாதாம். அப்படியானால் நான் 3,120லிருந்து போகிறேனா, 4,020லிருந்து போகிறேனா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சிவா_ஷாஆலாம் (செவ்வாய், இரவு 9.40)

யோசிக்கவே வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.டி. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு நிர்வாகம் நிறுத்திவிடும். அடிப்படைதான் நிரந்தரம். அடிப்படையில் ஆயிரம் வெள்ளி ஏறுகிறது என்றால் போனஸ், சேமநிதி எல்லாம் சேர்ந்து ஏறும். சேமநிதி அடிப்படைக்கு மட்டும்தானே போடுவார்கள், அலவன்ஸுக்குப் போட மாட்டார்கள். அதனால் அடிப்படை எவ்வளவு என்று மட்டும் பாருங்கள், மற்றதை விடுங்கள்.

தோட்டத்துப்பிள்ளை (செவ்வாய், இரவு 10.05)

தங்கச்சி, நான் கேரித்தீவுப் பக்கம் முப்பது வருடம் ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வெளியே போகிற பிள்ளைகள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வீடு. ஆலை கொடுக்கிற குவார்ட்டர்ஸ், தண்ணீர், கரண்ட், இதெல்லாம் சம்பளச் சீட்டில் தெரியாது. என் காலத்தில் ஒருவர் கிள்ளானுக்கு மாறிப் போனார், நானூறு வெள்ளி கூட என்று. வாடகை கட்டியே அது போய்விட்டது. இரண்டு வருடத்தில் திரும்பி வந்து கேட்டார், இடம் இல்லை என்றார்கள். வீட்டை விட்டுக் கொடுக்கிறாயா, அதைச் சொல்லு முதலில்.

கவி_பந்திங் (செவ்வாய், இரவு 10.20)

ஐயா, நான் குவார்ட்டர்ஸில் இல்லை. தாமானில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன், மோட்டாரில் பத்து நிமிடத்தில் ஆலை. புலாவ் இண்டாவுக்கு என்றால் கார்தான். பெட்ரோல், டோல் சேர்த்து மாதம் 300 வெள்ளி கூடுதலாக ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம்.

மல்லிகா_எச்ஆர் (செவ்வாய், இரவு 11.32)

கவி, கிள்ளானில் பல வருடமாகச் சம்பளக் கணக்கும் ஆள் எடுப்பதும்தான் என் வேலை. உன் கேள்விக்கு நேராக வருகிறேன். நீ போவது 4,020லிருந்து. எச்.ஆர். 3,120 என்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம், விண்ணப்பப் பாரத்தில் "கடைசியாக வாங்கிய சம்பளம்" என்ற கட்டத்தில் நீ அடிப்படையை மட்டும் எழுதியிருப்பாய். அதன் மேல் இருபது முப்பது விழுக்காடு போட்டுக் கொடுப்பதுதான் பல கம்பெனிகளின் வழக்கம். அவர்கள் ஏமாற்றவில்லை. ஆனால் அவர்கள் கணக்கு தொடங்குகிற இடம் உனக்குச் சரியில்லை.

கைக்கு வருவதைப் பார். இப்போது 3,120க்கு உன் சேமநிதிப் பங்கு 11 விழுக்காடு, 343 வெள்ளி. ஓ.டி.க்குச் சேமநிதி பிடிக்க மாட்டார்கள். ஆக 4,020 கழித்தல் 343, கையில் 3,677. புது இடத்தில் 4,200க்கு 462 பிடிப்பார்கள், கையில் 3,738. வித்தியாசம் 61 வெள்ளி. பெர்கேசோ, வருமான வரி இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், விட்டுவிடலாம். அதில் காருக்கு 300 போனால், மாதா மாதம் இப்போதைவிட 240 வெள்ளி குறைவாகத்தான் உன் கையில் நிற்கும். முப்பத்தைந்து விழுக்காடு ஏற்றம் என்று சொன்னார்களே, அதன் உண்மை முகம் இது.

ஒன்றை மறைக்கக்கூடாது. சேமநிதி கூடும். உன் பங்கும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்த்து இப்போது மாதம் 749, அங்கே 1,008. அந்த 259 வெள்ளி உன்னுடையதுதான், இப்போது தொட முடியாது, அவ்வளவுதான்.

சிவா தம்பி, அடிப்படை முக்கியம் என்பது சரி. ஆனால் சேமநிதி அடிப்படைக்கு மட்டும் என்பது தப்பு. மாதா மாதம் வரும் நிலையான அலவன்ஸ் பெரும்பாலானவற்றுக்கும் போட வேண்டும். ஓ.டி.யும் பயண அலவன்ஸும்தான் கணக்கில் வராதவற்றில் முக்கியமானவை.

நிஷா_தெலுக் (புதன், காலை 7.50)

அக்கா சொன்ன பயண அலவன்ஸ் விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். போன வருடம் ஒரு இடத்துக்கு மாறினேன். 3,800 என்றார்கள், சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். லெட்டர் வந்தபோது அடிப்படை 3,000, பயண அலவன்ஸ் 800 என்று இருந்தது. போன் போட்டுக் கேட்டால் "மொத்தம் அதேதானே" என்றார்கள். மொத்தம் அதேதான். ஆனால் சேமநிதி 3,000க்குத்தான், போனஸும் 3,000க்குத்தான், ஓ.டி. மணிக்கணக்கும் 3,000ஐ வைத்துத்தான். கவி, "ஆல் இன்" என்று சொன்னால் உடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ரவி_மோரிப் (புதன், காலை 8.25)

எல்லாரும் வெள்ளியை மட்டும் எண்ணுகிறீர்கள். நேரத்தை எண்ணவில்லை. வாரம் 45 மணி நேரம் என்றால் மாதம் ஏறக்குறைய 195 மணி. கவி அதற்கு மேல் நாற்பது மணி நேரம் நின்று 4,020 வாங்குகிறார். அதாவது 235 மணி நேரத்துக்கு, மணிக்கு 17 வெள்ளி. புது இடத்தில் 195 மணி நேரத்துக்கு 4,200, மணிக்கு இருபத்தொன்றரை. இதுதான் உண்மையான ஏற்றம். நாற்பது மணி நேரம் மிச்சமானால் படிக்கலாம், வீட்டில் இருக்கலாம்.

கவி_பந்திங் (புதன், மதியம் 1.10)

ரவி அண்ணே, நீங்கள் சொல்வதை யோசித்துப் பார்த்தேன். ஆனால் தினம் ஒன்றரை மணி நேரம் காரில். மாதம் இருபத்து நான்கு நாள் என்றால் 36 மணி நேரம். மிச்சமாகிற நாற்பது மணி நேரம் சாலையில் போய்விடும், அதற்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

மல்லிகா அக்கா, எக்ஸிகியூட்டிவ் என்றால் ஓ.டி. கிடையாது என்பது சட்டமா, கம்பெனி விதியா?

மல்லிகா_எச்ஆர் (புதன், இரவு 9.05)

பதவியின் பெயருக்கும் ஓ.டி.க்கும் சட்டத்தில் சம்பந்தமே இல்லை. எக்ஸிகியூட்டிவ் என்று பெயர் வைத்துவிட்டால் ஓ.டி. போய்விடாது. சட்டம் பார்ப்பது தொகையை. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தைத் திருத்தி 2023 ஜனவரி 1 முதல் எல்லாத் தொழிலாளரையும் அதற்குள் கொண்டு வந்தார்கள். ஆனால் மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டினால் சில உரிமைகள் கிடையாது. அதில் ஓ.டி. ஒன்று, ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் வேலை செய்வதற்கான கூடுதல் சம்பளம் ஒன்று, ஆட்குறைப்பு இழப்பீடு ஒன்று. அந்த 4,000ஐக் கணக்கிடும்போது ஓ.டி. பணத்தைச் சேர்க்கக்கூடாது, அதனால்தான் இப்போது உன் சீட்டில் 4,020 இருந்தும் நீ கோட்டுக்குக் கீழே இருக்கிறாய். நிலையான அலவன்ஸ் சேரும்.

இப்போது கவனி. "தாண்டினால்" என்றுதான் சட்டம் சொல்கிறது. சரியாக 4,000 என்றால் நீ இன்னும் உள்ளேதான். 4,000ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 153.85. எட்டு மணி நேரத்துக்கு வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் ஒரு மணி ஓ.டி. 28.85. மாதம் இருபது மணி நேரம் நின்றாலே 577 வெள்ளி. மொத்தம் 4,577. ஆக, அங்கே ஓ.டி. உண்மையிலேயே நடக்கும் என்றால் 4,200ஐவிட 4,000 உனக்கு லாபம். இதை எச்.ஆர். உன்னிடம் சொல்லாது.

ஆனால் 4,000ஐக் கேட்டு வாங்கிக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் ஐம்பது வெள்ளி ஏற்றம் வரும், 4,050 ஆகும், கோட்டைத் தாண்டுவாய். ஐம்பது வெள்ளிக்காக 577 போய்விடும். இந்த வலியோடு என்னிடம் வந்து நின்ற ஆட்கள் உண்டு. சம்பள ஏற்றத்தை வேண்டாம் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

வழி என்னவென்றால், சட்டம் கொடுப்பது குறைந்தபட்சம். ஒப்பந்தம் அதைவிட நல்லதாக இருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. "மாதச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் மணிக்கணக்கில் ஒன்றரை மடங்கு" என்று லெட்டரில் ஒரு வரி இருந்தால் 4,000 கோடு உன்னைத் தொடாது. அதை அவர்கள் தர மாட்டார்கள் என்றால், ஓ.டி.க்கு என்ன மதிப்போ அதை அடிப்படையில் ஏற்றித் தர வேண்டும். இரண்டும் இல்லாமல் "4,200, ஆல் இன்" என்றால் உன் 900 வெள்ளியை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறாய்.

தோட்டத்துப்பிள்ளை (புதன், இரவு 9.48)

அம்மா மல்லிகா, ஒரு சந்தேகம். உடலுழைப்புக்காரர்களுக்கும், அவர்களை மேற்பார்க்கிறவர்களுக்கும் சம்பள வரம்பு கிடையாது என்று எங்கள் சங்கத்தில் சொல்வார்கள். தங்கச்சி நான்கு பையன்களை வைத்து வேலை வாங்குகிறது. அப்போது 4,000 தாண்டினாலும் ஓ.டி. உண்டுதானே?

மல்லிகா_எச்ஆர் (புதன், இரவு 10.15)

ஐயா, நீங்கள் சொல்வது சட்டத்தில் இருக்கிறது. உடலுழைப்புத் தொழிலாளர்களை வேலை நேரம் முழுக்க மேற்பார்க்கிறவருக்குச் சம்பள வரம்பு இல்லை. "முழுக்க" என்பதில்தான் சிக்கல். கவி பாதி நேரம் லேப்பில் டைட்ரேஷன் செய்கிறது, பாதி நேரம் பையன்களைப் பார்க்கிறது. மாதிரி எடுப்பது உடலுழைப்பா என்பதும் கேள்விதான். புது இடத்தில் அதற்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை. தொழிலாளர் இலாகா வேலையின் உண்மை நிலையைப் பார்த்துத்தான் சொல்லும். நான் அதை நம்பிச் சம்பளம் பேச மாட்டேன்.

தோட்டத்துப்பிள்ளை (புதன், இரவு 10.31)

நான் பேசுவேன். இலாகா வரை போய் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். சரி, உங்கள் அனுபவம் உங்களுக்கு.

லோரி_முத்து (வியாழன், காலை 6.40)

எல்லாரும் சம்பளம் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் மகன் படித்து முடித்து ஒரு கிடங்கில் சேர்ந்திருக்கிறான், 1,600 கொடுக்கிறார்கள். ஐந்து வருடம் ஆனால்தான் கூட்டுவார்களா?

மல்லிகா_எச்ஆர் (வியாழன், காலை 7.15)

முத்து அண்ணே, இங்கே பேச்சு வேறு, ஆனால் உங்கள் மகன் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. சிறு முதலாளிகளுக்கு மட்டும் அந்த வருட ஆகஸ்டு வரை தள்ளி வைத்திருந்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. 1,600 என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள், 1,600 என்பது பிடித்தம் போக மிச்சமா என்று.

கவி_பந்திங் (வியாழன், மதியம் 1.05)

அக்கா, எவ்வளவு கேட்பது என்று சொல்லுங்கள். எனக்குத் தொகையைச் சொல்லவே நாக்கு எழவில்லை. நேர்முகத் தேர்விலும் "உங்கள் விருப்பப்படி" என்று சொல்லிவிட்டேன்.

மல்லிகா_எச்ஆர் (வியாழன், இரவு 8.50)

தொகையை உன் கையிலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார். இப்போது கையில் 3,677. கார் செலவு 300 சேர்த்தால் 3,977. அதை 0.89ஆல் வகுத்தால் 4,470 வரும். 4,470 கொடுத்தால் உன் கையில் இப்போதைக்குச் சமம், சேமநிதி மட்டும் கூடும். கையில் பத்து விழுக்காடு கூட வேண்டும் என்றால் அதே கணக்கில் 4,880. ஆகவே 4,900 கேள். 4,500க்குக் கீழே இறங்காதே.

4,900க்குக் காரணம் வேண்டும். உன் ஓ.டி. ஒரு காரணம், ஆனால் அது உன் பக்கத்துக் காரணம். அவர்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசி. சுத்திகரிப்பு ஆலைக்கு ஐந்து வருட ஆலை லேப் அனுபவம் எதற்கு?

கவி_பந்திங் (வியாழன், இரவு 9.20)

அது எனக்குத் தெரியும். அவர்களுக்கு வரும் கச்சா எண்ணெயின் தரம் ஆலையிலேயே கெட்டு வருகிறது. பழம் தாமதமாக வந்தால் எஃப்.எஃப்.ஏ. ஐந்துக்கு மேல் ஏறும், நிறம் எடுக்க வருமா என்று காட்டும் டோபி அளவு இறங்கும், அப்புறம் சுத்திகரிப்பில் நிறம் எடுக்க முடியாது. எந்தக் கட்டத்தில் கெட்டது என்று மாதிரியைப் பார்த்தே என்னால் சொல்ல முடியும். இன்னொன்று, சுத்திகரிக்கும்போது எண்ணெயில் உண்டாகும் 3-எம்.சி.பி.டி. எஸ்டர் என்ற மாசுக்கு ஐரோப்பா 2021லிருந்து வரம்பு வைத்த பிறகு, ஆலையில் பழத்தையும் எண்ணெயையும் கழுவி அதற்குக் காரணமான குளோரைடைக் குறைக்கச் சொன்னார்கள். எங்கள் ஆலையில் அந்த வேலைக்கு மாதிரி எடுத்து அறிக்கை எழுதியது நான்தான். சுத்திகரிப்பு ஆலையில் அது பெரிய தலைவலி. நேர்முகத் தேர்வில் குவாலிட்டி மேனேஜர் அதைப் பற்றித்தான் இருபது நிமிடம் கேட்டார்.

மல்லிகா_எச்ஆர் (வியாழன், இரவு 9.41)

அப்புறம் என்ன. அந்த இருபது நிமிடம்தான் உன் பேரத்துக்குப் பலம். எச்.ஆருக்கு 3-எம்.சி.பி.டி. என்றால் என்னவென்று தெரியாது, மேனேஜருக்குத் தெரியும். மின்னஞ்சலை எச்.ஆருக்கு எழுது, ஆனால் மேனேஜர் படித்தால் தலையாட்டுகிற மாதிரி எழுது. தொகைக்கு ஒப்புதல் கேட்க எச்.ஆர். அவரிடம்தான் போகும்.

கடைசி மூன்று மாதச் சீட்டை மட்டும் அனுப்பாதே. இப்போது பழம் குவிகிற பருவம், ஓ.டி. அதிகமாகத் தெரியும், "இது சராசரி இல்லையே" என்பார்கள். போன வருட இஏ பாரத்தை அனுப்பு. வருட மொத்தம் அதில் இருக்கும், யாரும் மறுக்க முடியாது. தொகையைக் கூட்டிச் சொல்லவே சொல்லாதே, சீட்டும் இஏ பாரமும் எப்படியும் கேட்பார்கள்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. ஐந்து வருடம் தாண்டியதால் உனக்கு இப்போது சட்டப்படி வருட விடுப்பு 16 நாள். புது இடத்தில் முதல் நாளிலிருந்து எண்ணிக்கை மறுபடி தொடங்கும், சட்டப்படி 8 நாள்தான். மருத்துவ விடுப்பும் 22லிருந்து 14க்கு இறங்கும். விடுப்பைக் கேட்டால் பல கம்பெனிகள் சம்பளத்தைவிடச் சுலபமாகத் தரும். அப்புறம், இந்த வருடப் போனஸ் எப்போது, என்ன நிபந்தனை என்று பார்.

கவி_பந்திங் (வியாழன், இரவு 10.02)

போனஸ் ஒன்றரை மாதம், 4,680 வெள்ளி. டிசம்பர் சம்பளத்தோடு வரும். ஆனால் ராஜினாமா கொடுத்தவர்களுக்குக் கிடையாது என்று கையேட்டில் இருக்கிறது. என் லெட்டரில் நோட்டீஸ் இரண்டு மாதம்.

ரவி_மோரிப் (வியாழன், இரவு 10.30)

அப்படியானால் போனஸ் கையில் வந்த பிறகு டிசம்பர் கடைசியில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பிப்ரவரி கடைசியில் போகலாம். அவர்கள் காத்திருப்பார்களா என்று கேளுங்கள். காத்திருக்க முடியாது என்றால் அந்த 4,680ஐ அவர்கள் ஈடுகட்டட்டும். நான் வேலை மாறியபோது நோட்டீஸ் பணத்தைப் புது முதலாளியே கட்டினார், கேட்டதால்தான்.

கவி_பந்திங் (வெள்ளி, இரவு 9.30)

காலையில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். முக்கியமான பகுதி இது:

"உங்கள் அழைப்புக்கு நன்றி. இந்த வேலை எனக்கு வேண்டும். சம்பளத்தைப் பற்றி ஒரு விளக்கம். என் அடிப்படை 3,120, போன வருட இஏ பாரத்தின்படி ஓ.டி. மாதச் சராசரி 900. இரண்டும் சேர்ந்ததே என் இப்போதைய வருமானம். நீங்கள் சொன்ன பதவிக்கு ஓ.டி. இல்லை என்பதாலும், கச்சா எண்ணெயில் குளோரைடைக் குறைக்கும் வேலையில் எனக்குள்ள நேரடி அனுபவம் உங்களுக்குப் பயன்படும் என்பதாலும் அடிப்படை 4,900 கேட்கிறேன். தொகை முழுவதும் அடிப்படையாகவே இருக்க வேண்டும். வருட விடுப்பு 16 நாள். வேலை நேரத்துக்கு வெளியே எந்த நாட்களில் லேப்பில் இருக்க வேண்டியிருக்கும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

கடைசி வரியை நான் சேர்த்தேன். அதற்குத்தான் நல்ல பதில் வந்தது. மாலையில் மேனேஜரே அழைத்தார். கப்பலில் எண்ணெய் ஏற்றும் இரவுகளில் லேப்பில் ஒரு எக்ஸிகியூட்டிவ் விடியும் வரை இருக்க வேண்டுமாம். தொட்டியிலிருந்தும் குழாயிலிருந்தும் மாதிரி எடுத்துப் பார்த்து முத்திரை வைத்த பிறகுதான் கப்பல் நகரும். முறை வைத்து மாதம் இரண்டு இரவு வரும், சில மாதம் மூன்று. எச்.ஆர். இதைச் சொல்லவே இல்லை.

தொகைக்கு 4,550 என்றார். முழுவதும் அடிப்படை. விடுப்பு 14 நாள். மார்ச்சில் சேரலாம். 4,900 அந்தப் படிநிலையின் உச்சம் என்பதால் முதல் வருடத்தில் தர முடியாது என்றார்.

சிவா_ஷாஆலாம் (வெள்ளி, இரவு 9.52)

350 வெள்ளி கூடியிருக்கிறது, ஒரே மின்னஞ்சலில். இப்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகா_எச்ஆர் (வெள்ளி, இரவு 10.20)

4,550க்குக் கையில் 4,050. கார் போனால் 3,750. இப்போதைவிட 73 வெள்ளி கூட, சேமநிதியில் மாதம் 343 கூட. மோசமில்லை. ஆனால் கப்பல் இரவுகள் இன்னும் இலவசமாக இருக்கின்றன. 4,000க்குக் கீழே இருந்தால் அதற்கு ஓ.டி. கேட்கச் சட்டம் இருந்திருக்கும். மேலே போய்விட்டதால் ஒப்பந்தம்தான் துணை. பொதுவாக "ஓ.டி. வேண்டும்" என்று கேட்காதே, மறுப்பார்கள், எல்லா எக்ஸிகியூட்டிவும் கேட்பார்கள் என்று பயம். "கப்பல் ஏற்றும் இரவு ஒன்றுக்கு இவ்வளவு" என்று ஒரே ஒரு வேலைக்குத் தனித் தொகை கேள். 150 அல்லது 200. மறுநாள் ஓய்வும் கேள். இது அவர்கள் கணக்கில் கப்பல் செலவோடு போய்விடும், சம்பளப் படிநிலையைத் தொடாது.

ரவி_மோரிப் (வெள்ளி, இரவு 10.45)

எனக்கு மறுநாள் ஓய்வுதான் முக்கியமாகத் தெரிகிறது. இரவு முழுக்க விழித்துவிட்டு அந்தச் சாலையில் லோரிகளுக்கு நடுவே கார் ஓட்டி வர வேண்டும். பணத்தைவிட அதை முதலில் கேளுங்கள்.

நிஷா_தெலுக் (வெள்ளி, இரவு 11.00)

மல்லிகா அக்கா, ஆனால் சேமநிதியில் 343 கூடுவதை லாபமாகச் சொல்கிறீர்கள். வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு அது இந்த மாதம் சோறு போடாது. நானாக இருந்தால் பந்திங் பக்கமே வேறு ஆலையில் ஓ.டி.யோடு 3,700 கேட்டுப் பார்ப்பேன். பெட்ரோலும் மிச்சம்.

கவி_பந்திங் (ஞாயிறு, மாலை 6.15)

நிஷா, அதையும் யோசித்தேன். ஆனால் இங்கே எந்த ஆலைக்குப் போனாலும் அதே எஃப்.எஃப்.ஏ., அதே எண்ணெய் இழப்புக் கணக்குதான். அங்கே கேஸ் குரோமட்டோகிராஃப் கற்றுக்கொள்ளலாம். அடுத்த முறை மாறும்போது அதற்குத் தனி விலை உண்டு. கடன் எதுவும் எனக்கு இல்லை, அதனால் இப்படி முடிவெடுக்க முடிகிறது.

சனிக்கிழமை மேனேஜரிடம் பேசினேன். ஓய்வை முதலில் கேட்டேன், உடனே சரி என்றார். கப்பல் இரவுக்கு 200 கேட்டேன், 150 என்று முடிந்தது. லெட்டரில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை வரும்.

மல்லிகா_எச்ஆர் (ஞாயிறு, இரவு 8.30)

வந்ததும் அந்த 150 வரியை முதலில் படி. "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று பின்னால் ஒட்டியிருந்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அர்த்தம், எடுக்கச் சொல். தகுதிகாண் காலத்திலும் அது பொருந்துமா என்று பார். பல இடங்களில் ஆறு மாதம் கழித்துத்தான் தொடங்கும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கையெழுத்துப் போட்ட லெட்டர் உன் கையில் இருந்து, டிசம்பர் சம்பளமும் போனஸும் கணக்கில் ஏறிய பிறகுதான் இங்கே ராஜினாமா. அதற்கு முன் லேப் பையன்களிடம்கூட வாயைத் திறக்காதே.